குடோன் சூப்பர்வைசரிடம் என்ன கேட்பது?

திங்கட்கிழமை காலை 11 மணிக்கு நேர்முகம். மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பலமுறை உட்கார்ந்திருப்பீர்கள். இந்தப் பக்கம் உட்காருவது இதுதான் முதல் முறை. கையில் விண்ணப்பதாரரின் பயோடேட்டாவும், அலுவலகம் தந்த ஒரு பக்க வேலை விவரமும் இருக்கின்றன. கேள்விகளை மட்டும் யாரும் தரவில்லை.

இந்த நிலையில் பெரும்பாலோர் தமக்கு முன்பு கேட்கப்பட்டதையே கேட்கிறார்கள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க." "உங்க பலம் என்ன, பலவீனம் என்ன?" "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" இந்த மூன்றையும் வங்கி எழுத்தரிடம் கேட்கலாம், பள்ளி ஆசிரியரிடமும் கேட்கலாம். குடோனில் 12 பெட்டி குறைந்தால் இவர் என்ன செய்வார் என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. நன்றாகப் பேசுகிறவர் தேர்வாவார். குடோனை நன்றாக நடத்துகிறவர் பேசத் தெரியாததால் வீட்டுக்குப் போவார்.

சரியான கேள்விகள் ஏற்கெனவே உங்கள் கையில் உள்ள அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கும் வேலையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். சென்னைக்கு வடக்கே செங்குன்றம் பக்கம் ஒரு குடோன் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட், மசாலா, சமையல் எண்ணெய் எல்லாம் கம்பெனிகளிலிருந்து வந்து இறங்கி, கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் போகின்றன. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் 25 தொழிலாளர்கள், ஒரு ஃபோர்க்லிஃப்ட், இரண்டு ஷிஃப்ட். பகல் ஷிஃப்டுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும்.

வேலை விவரத்தை மூன்றாகப் பிரியுங்கள்

அந்த வேலை விவரத்தில் எட்டு வரிகள் இருக்கின்றன. சரக்கு வரவு, அடுக்கல், அனுப்புதலை மேற்பார்வையிடுதல். இருப்புக் கணக்கைத் துல்லியமாக வைத்திருத்தல். காலாவதித் தேதிப்படி சரக்கை வெளியேற்றுதல். தொழிலாளர்களுக்கு வேலை பங்கிடுதல். பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தல். பில், இ-வே பில் ஆவணங்களைச் சரிபார்த்தல். எக்செல் தெரிந்திருத்தல், ஏதாவது ஒரு பட்டமும் மூன்றாண்டு அனுபவமும். கடைசியாக, எல்லா வேலை விவரத்திலும் வரும் அந்த வரி: தலைமைப் பண்பு, நல்ல தகவல்தொடர்பு, நெருக்கடியில் பணியாற்றும் திறன்.

ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியதற்கு 'தா'. செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டியதற்கு 'செ'. பேசித்தான் அறிய முடியும் என்பதற்கு 'கே'.

பட்டமும் அனுபவமும் 'தா'. அதைச் சான்றிதழிலும் பழைய நிறுவனத்தின் கடிதத்திலும் பார்த்துக்கொள்ளலாம், அதற்காக நேர்முகத்தில் பத்து நிமிடத்தைச் செலவிட வேண்டாம். எக்செல் 'செ'. "எக்செல் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரியும் சார்" என்பார்கள். 30 வரியுள்ள ஒரு சரக்குப் பட்டியலைக் கொடுத்து, கணக்கிலுள்ள எண்ணிக்கைக்கும் எண்ணிப் பார்த்த எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போடச் சொன்னால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். மிச்சமிருப்பவை 'கே'.

தலைமைப் பண்பு என்ற அந்தக் கடைசி வரியைத் தனிக் கேள்வி ஆக்காதீர்கள். "நீங்கள் நல்ல தலைவரா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற பதில் வரப்போவதில்லை. இந்தக் குடோனில் தலைமை என்பது ஆள் குறைந்த நாளில் வேலையைப் பங்கிடுவது. தகவல்தொடர்பு என்பது லாரி தாமதமாகும் என்பதை விற்பனைப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்வது. ஆகவே அந்த வரி மற்ற வரிகளின் கேள்விகளுக்குள் கரைந்துவிட வேண்டும்.

கெட்ட நாட்களைக் கேட்டு வாருங்கள்

வேலை விவரம் வேலை ஒழுங்காக நடக்கும் நாளைத்தான் சொல்கிறது. சூப்பர்வைசரின் தரம் தெரிவது ஒழுங்கு குலையும் நாளில். எனவே கேள்வி எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் குடோனுக்குள் போய் வர வேண்டும். பில் போடும் எழுத்தர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், பழைய லோடுமேன் ஒருவர், முடிந்தால் இப்போது வேலையை விட்டுப் போகும் சூப்பர்வைசர் ஆகியோரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். "போன வருஷத்துல ரொம்ப மோசமா போன நாள் எது? அன்னைக்கு சூப்பர்வைசர் என்ன செஞ்சிருந்தா சரியாயிருக்கும்?"

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையின் உளவியல் பிரிவில் இருந்த ஜான் ஃபிளானகன், விமானிகளின் பணியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த குறிப்பிட்ட நிகழ்ச்சிகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து அந்த வேலைக்கு உண்மையில் என்ன தேவை என்று கண்டறியும் வழியை உருவாக்கினார். 1954இல் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். விமானத்துக்குப் பொருந்தியது குடோனுக்கும் பொருந்தும். நடந்ததைச் சொல்லச் சொன்னால் மனிதர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். "நல்ல சூப்பர்வைசர் எப்படி இருக்கணும்?" என்று கேட்டால் பொதுவான நல்ல குணங்களின் பட்டியல்தான் கிடைக்கும்.

நம் எடுத்துக்காட்டுக் குடோனில் ஐந்து கதைகள் கிடைத்தன என்று கொள்வோம். கணக்கில் இருந்த சரக்கு ராக்கில் இல்லை. பண்டிகைக்கு மறுநாள் பாதி ஆட்கள் வரவில்லை. காலாவதி நெருங்கிய மசாலா பின்வரிசையில் மாட்டிக்கொண்டது. மேல் அடுக்கிலிருந்து பாலெட் விழுந்தது, நல்லவேளையாகக் கீழே யாரும் இல்லை. இ-வே பில் இல்லாமல் லாரியை அனுப்பச் சொல்லி விற்பனைப் பிரிவு நெருக்கியது. இந்த ஐந்தும் வேலை விவரத்தின் ஐந்து வரிகளோடு ஒட்டிப்போகின்றன. ஐந்து கேள்விகள் போதும். 45 நிமிட நேர்முகத்தில் ஒரு கேள்விக்கு ஏழு நிமிடம் வீதம் 35 நிமிடம், தொடக்க அறிமுகத்துக்கு ஐந்து, அவர் உங்களிடம் கேட்பதற்கு ஐந்து. பதினைந்து கேள்விகளோடு போனால் எதையும் தோண்டிப் பார்க்க நேரம் இருக்காது.

ஒரு கேள்வியை முழுதாக எழுதிப் பார்ப்போம்

"இருப்புக் கணக்கைத் துல்லியமாக வைத்திருத்தல்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் கை தானாக எழுதுவது இது: "இருப்புக் கணக்கை எப்படித் துல்லியமாக வைத்திருப்பீர்கள்?" இதற்கு வரும் பதில் பாடப்புத்தகப் பதில். தினமும் எண்ணுவேன், பார்கோடு ஸ்கேன் செய்வேன், பதிவேடு பராமரிப்பேன். கேள்வியைக் கடந்த காலத்துக்குத் திருப்புங்கள்:

"கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணிக்கை, ராக்ல வேற எண்ணிக்கை இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்க. என்ன சரக்கு, எவ்வளவு குறைஞ்சது? தெரிஞ்ச முதல் அரை மணி நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

இப்போது, இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதற்கு முன்பே, நல்ல பதிலில் என்னென்ன இருக்கும் என்று எழுதிவிடுங்கள். முதன்முறை நேர்முகம் நடத்துபவர் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை இதுதான். எழுதி வைக்காவிட்டால், நம்பிக்கையோடு பேசும் குரலே சரியான பதிலாகக் காதில் விழும்.

கணக்கில் 240 பெட்டி, ராக்கில் 228 என்று வைத்துக்கொள்வோம். 12 குறைவு. வேலை தெரிந்தவர் முதலில் அந்த இடத்திலிருந்து சரக்கு எடுப்பதை நிறுத்துவார். எண்ணியவரையே திரும்ப எண்ணச் சொல்லாமல் வேறொருவரை எண்ண வைப்பார். பக்கத்து ராக், லாரி ஏற்றும் இடத்தில் நிற்கும் சரக்கு, திரும்பி வந்ததும் உடைந்ததும் வைக்கும் மூலை ஆகிய மூன்றையும் பார்ப்பார். பிறகு காகிதத்துக்கு வருவார். எடுத்து அனுப்பிவிட்டு இன்னும் பதியாத பில் இருக்கிறதா? இறக்கும்போதே குறைவாக வந்ததை முழு எண்ணிக்கையாக ஏற்றுக்கொண்டார்களா? பெட்டிக் கணக்கில் வரவேண்டியது பாக்கெட் கணக்கில் பதிவாகிவிட்டதா? இவ்வளவுக்கும் பிறகும் கிடைக்கவில்லை என்றால்தான் வாசல் பதிவேடும் கேமராவும். கம்ப்யூட்டரில் எண்ணைத் திருத்துவது கடைசிப் படி, அதுவும் மேலாளரின் ஒப்புதலோடு.

இதிலிருந்து மதிப்பெண்ணை வரையறுக்கலாம். "சிஸ்டத்துல அட்ஜஸ்ட் பண்ணிடுவோம்" என்று நிறுத்தினாலோ, எதையும் தேடாமல் ஆளைச் சந்தேகப்பட்டாலோ 1. மறுபடி எண்ணித் தேடிக் கண்டுபிடித்தால் 3. ஏன் குறைந்தது என்று கண்டறிந்து, அது மீண்டும் நடக்காமல் என்ன மாற்றினார் என்பதையும் எண்ணிக்கையோடு சொன்னால் 5. இடைப்பட்டவற்றுக்கு 2, 4.

அடுத்து, தோண்டுவதற்கு ஒரு துணைக்கேள்வி. "ஒரு பிராண்ட் பிஸ்கட் 12 பெட்டி குறையுது, அதே பிராண்ட்ல வேற எடை பாக்கெட் 12 பெட்டி கூடுதலா இருக்கு. மொத்தம் சரியா வருது. இது பிரச்சினையா?" மொத்தம் சரி என்பதால் பிரச்சினை இல்லை என்பவர் கணக்கை மட்டும் பார்க்கிறார். "ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு போயிருக்கு, ஏதோ ஒரு கடைக்குத் தப்பான சரக்கு போயிருக்கும், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல அடுக்கியிருக்காங்களான்னு பார்க்கணும்" என்பவர் குடோனைப் பார்க்கிறார். உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

மற்ற நான்கு கேள்விகள்

ஆட்பங்கீட்டுக்கு நடந்ததைக் கேட்பதைவிட ஒரு சூழலைக் கொடுப்பது பொருத்தம். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே சூழல் என்பதால் பதில்களை ஒப்பிடலாம். கேரி லேத்தமும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய சூழல் கேள்விகளை மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளர்களிடமும் மேற்பார்வையாளர்களிடமும் சோதித்தது. அவர்கள் சொன்ன பதில்களுக்கும் வேலையில் காட்டிய திறனுக்கும் தொடர்பு இருந்தது.

"காலை 7 மணி. 25 பேர் வரணும், 17 பேர்தான் வந்திருக்காங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரும் வரலை. மூணு லாரி இறக்கணும், ரெண்டு லாரி 11 மணிக்குள்ள கிளம்பணும். என்ன செய்வீங்க?" நல்ல சூப்பர்வைசர் பதிலுக்கு முன் கேள்வி கேட்பார்: கிளம்ப வேண்டிய லாரி எந்த ஊருக்கு, இறக்க வேண்டியதில் எது அவசரம்? வெளியே போக வேண்டியதை முதலில் வைப்பார், ஒப்பந்தக்காரரை அழைப்பார், இறக்கல் தாமதமாகும் என்பதை உடனே தெரிவிப்பார். இந்தக் கேள்விக்குள் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. "ஓட்டத் தெரிஞ்ச யாரையாவது ஃபோர்க்லிஃப்ட்ல உட்கார வெச்சிடுவேன்" என்று, பயிற்சியும் அனுமதியும் இருக்கிறதா என்று பார்க்காமல் சொன்னால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் மதிப்பெண் 2ஐத் தாண்டக்கூடாது.

காலாவதி பற்றிய கேள்வி சிறியது, ஆனால் கூர்மையானது. "போன மாசம் வந்த மசாலா லாட்டுக்கு காலாவதி பிப்ரவரி. நேத்து வந்த லாட்டுக்கு அதுக்கு முந்தைய டிசம்பர். எதை முதல்ல அனுப்புவீங்க?" முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதியை மனப்பாடமாக வைத்திருப்பவர் பழைய லாட்டைச் சொல்வார். உணவுப் பொருளில் முதலில் காலாவதியாவதுதான் முதலில் போக வேண்டும், ஆகவே நேற்று வந்ததே முதலில். அதோடு நிற்காமல் "சரி, எடுக்குற ஆள் முன்வரிசையில இருக்கிறதைத்தானே எடுப்பார், அவருக்கு எப்படித் தெரியும்?" என்று தொடருங்கள். லேபிள் எழுதுவது, வரிசையை மாற்றி அடுக்குவது, எடுக்கும் சீட்டில் லாட் எண் இருக்கச் செய்வது என்று பதில் தரையைத் தொட வேண்டும். எடுக்கும் ஆளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன செய்வார் என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம். வடமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் குடோனில் அது அன்றாடக் கேள்வி.

பாதுகாப்புக்கு, விபத்து நடக்காத ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். "யாருக்கும் அடிபடலை, ஆனா அடிபட்டிருக்கலாம்னு நீங்க நினைச்ச ஒரு சம்பவம் சொல்லுங்க. யார்கிட்ட சொன்னீங்க? மறுநாள் என்ன மாறிச்சு?" மூன்றாண்டு குடோனில் இருந்துவிட்டு "அப்படி எதுவுமே நடக்கலை" என்பவர் கவனிக்கவில்லை, அல்லது மறைக்கிறார். ராக்கின் தூணில் ஃபோர்க்லிஃப்ட் இடித்து வளைந்ததைப் பார்த்து, அந்தப் பகுதிச் சரக்கை முதலில் இறக்கி, பக்கத்தில் ஆள் போகாமல் தடுத்துவிட்டுப் பிறகு மேலாளரை அழைத்ததாகச் சொல்பவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஐந்தாவது, ஆவணமும் நேர்மையும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதற்கு வரம்பு 1 லட்சம். "லாரி ஏத்தியாச்சு, மதிப்பு வரம்பைத் தாண்டிடுச்சு, நெட் இல்லாததால இ-வே பில் வரலை. 'முதல்ல அனுப்பு, பில்லை அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்பலாம்'னு விற்பனை மேலாளர் சொல்றார். என்ன செய்வீங்க?" லாரியை நிறுத்துவேன் என்று மட்டும் சொல்வது பாதிப் பதில். வேறு இணைப்பில் பில் எடுக்கப் பார்ப்பது, வழியில் சோதனை நடந்தால் வண்டியும் சரக்கும் நிறுத்திவைக்கப்படும் என்பதை அந்த மேலாளருக்கு மரியாதையோடு சொல்வது, தன் மேலாளருக்கும் தெரிவிப்பது ஆகியவை சேர்ந்தால்தான் முழுப் பதில். வரம்புக்குள் வருமாறு பில்லை இரண்டாக உடைக்கலாம் என்று யோசனை சொல்பவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது

எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. ஒருவருக்கு எளிதாகவும் இன்னொருவருக்குக் கடினமாகவும் கேட்டுவிட்டு இருவரையும் ஒப்பிட முடியாது. துணைக்கேள்விகள் மட்டும் ஆளுக்கேற்ப மாறலாம்.

நம் ஊரில் பலர் தாம் செய்ததையும் "நாங்க பார்த்துக்கிட்டோம்" என்றுதான் சொல்வார்கள். அது நழுவல் என்று முடிவு கட்டவும் வேண்டாம், சாதனை என்று எழுதிக்கொள்ளவும் வேண்டாம். "அதுல நீங்க தனியா செஞ்சது என்ன?" என்று ஒரு முறை கேளுங்கள். செய்தவர் நேரம், எண்ணிக்கை, ஆளின் பெயர் சகிதம் சொல்வார். செய்யாதவர் மறுபடியும் பொதுவாகவே பேசுவார். கேள்வி கேட்டபின் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கப் பழகுங்கள். நினைவிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுக்க யாருக்கும் சில நொடிகள் ஆகும். முதன்முறை நேர்முகம் நடத்துபவர் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பதிலைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

லோடுமேனாக இருந்து பதவி உயர்வு தேடி வருபவரிடம் சூப்பர்வைசராக அவர் செய்ததைக் கேட்க முடியாது. அவருக்குக் கேள்வியின் வாயிலை மட்டும் மாற்றுங்கள்: "உங்க சூப்பர்வைசர் அப்ப என்ன செஞ்சார்? நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" மதிப்பெண் அளவுகோல் அதேதான்.

சாதி, மதம், திருமணம், கர்ப்பம் பற்றிய கேள்விகள் பட்டியலில் இருக்கவே கூடாது. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வேலைத் தேவையை நேரடியாகக் கேளுங்கள். "கல்யாணம் ஆயிடுச்சா, ராத்திரி வர முடியுமா?" என்பதற்குப் பதிலாக, "மாசத்துல ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட் பார்க்க வேண்டி வரும், அது உங்களுக்குச் சரியா?" என்று, ஆண் பெண் வேறுபாடின்றி எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

ஒருவர் வெளியே போனதும், அடுத்தவர் உள்ளே வருவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி மதிப்பெண்ணை எழுதிவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து நேர்முகம் நடத்தினால் தனித்தனியாக எழுதிய பிறகே பேச வேண்டும். முன்பே பேசினால் பதவியில் பெரியவர் சொன்னதுதான் இருவரின் மதிப்பெண்ணாகவும் ஆகும்.

இந்தப் பட்டியலால் முடியாதது

எவ்வளவு நல்ல கேள்வியும் சொல்லைத்தான் சோதிக்கும். எனவே கடைசிச் சுற்றுக்கு வரும் இரண்டு பேரையும் தனித்தனியாக இருபது நிமிடம் குடோனுக்குள் நடக்க வைத்து, "உங்க கண்ணுக்கு என்ன படுது?" என்று மட்டும் கேளுங்கள். தீயணைப்புக் கருவியின் முன்னால் அடுக்கிய பெட்டிகளையும், லேபிள் கிழிந்த பாலெட்டையும், ஈரம் படிந்த மூலையையும் யார் சொல்கிறார் என்று பாருங்கள். பழைய நிறுவனத்தில் விசாரிக்கும்போதும், அவர் சொன்ன 12 பெட்டிக் கதை உண்மையில் நடந்ததா என்று கேட்பது "ஆள் எப்படி?" என்று கேட்பதைவிடப் பயன் தரும்.

பட்டியல் முடிந்ததும் வேலையின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் படியுங்கள். இது எந்த வேலைக்கான கேள்வி என்று தெரியவில்லை என்றால் அடித்துவிடுங்கள். மிஞ்சியதைத் திங்கட்கிழமைக்கு முன் உங்கள் பில் எழுத்தரிடமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடமும் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆளோடு தினமும் பத்து மணி நேரம் வேலை செய்யப் போகிறவர்கள் அவர்கள்தான்.